மூன்று படி போதும்

ஆவணி முடியப் போகிறது என்றால் நம் வயதுக்காரர்களின் கைபேசிக்கு ஒரு வகைப் படம் வரத் தொடங்கும். ஹாலின் ஒரு மூலை. வெள்ளைச் சுவர், பளபளப்பான தரை, ஓரத்தில் பாதி தெரியும் திரைச்சீலை. கீழே ஒரு கேள்வி: "இங்க எத்தனை படி வைக்கலாம்?" வெளியூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகளோ மருமகளோ அனுப்பியிருப்பார்கள். நாமும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தாராளமா ஏழு படி வைக்கலாம்மா" என்று பதில் போட்டுவிடுவோம். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் பதில் போட்டேன். அது தவறு. எப்படித் தவறானது, அதிலிருந்து என்ன கருத்துக்கு வந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். இந்த ஆண்டு உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் கொலு என்பது என் மனைவியின் இலாகா. நாற்பத்து மூன்று வருடம் அவள் வைத்தாள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகளை இறக்குவது, பலகை தூக்குவது, விஜயதசமி முடிந்ததும் பழைய செய்தித்தாளில் பொம்மைகளைச் சுற்றிக் கொடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. அவள் போன வருடத்தில் கொலு இல்லை. அடுத்த வருடம் மகள் கேட்டாள், "அப்பா, அம்மா பொம்மையெல்லாம் பெட்டியிலேயே இருக்கக் கூடாது. நான் இங்க வைக்கறேன். நீங்கதான் எப்படி வைக்கணும்னு சொல்லணும்." தூக்கத் தெரிந்தவனிடம் அடுக்கச் சொன்னால் என்ன செய்வது? ஆனால் அவளுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

படம் வந்தது. பார்த்தால் மூலை விசாலமாக இருந்தது. நான் பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தவன். பொறியாளர்கள் குறித்துத் தரும் அளவுகளை நகலெடுத்தே முப்பது வருடம் கழித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் தரை ஓடுகளை எண்ணினேன். இப்போதைய வீடுகளில் ஹாலுக்குப் போடும் ஓடு பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் சதுரம், அதாவது இரண்டு அடி. பின்சுவரை ஒட்டி, பால்கனிக் கதவிலிருந்து மூலை வரை மூன்று ஓடு. அப்படியானால் 180 சென்டிமீட்டர், ஆறடி அகலம். மனைவியின் பழைய பலகைகள் ஐந்தரை அடி. சரியாகப் பொருந்தும் என்று ஏழு படிக்குத் திட்டம் எழுதி அனுப்பிவிட்டேன்.

மாப்பிள்ளை நிதானமானவர். தச்சரைக் கூப்பிடும் முன்பு நாடா வைத்து அளந்திருக்கிறார். அகலம் 145 சென்டிமீட்டர்தான். முப்பத்தைந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று?

பிறகுதான் விளங்கியது. தரை போடும் கொத்தனார் கதவுப் பக்கத்திலிருந்து முழு ஓடாகப் போட்டுக்கொண்டு வருவார். மூலைக்கு வரும்போது மிச்சம் இருக்கும் இடத்துக்கு ஓட்டை வெட்டிச் செருகுவார். மூலையில் இருந்த மூன்றாவது ஓடு முழு ஓடு அல்ல, 25 சென்டிமீட்டர் துண்டு. அது படத்தில் எனக்கு ஏன் முழு ஓடாகத் தெரிந்தது என்றால், மகள் ஹால் முழுவதும் தெரியட்டும் என்று கைபேசியில் 0.5 என்று இருக்கும் அகல லென்ஸில் எடுத்திருந்தாள். அந்த லென்ஸ் படத்தின் ஓரத்தில் இருப்பதை இழுத்து அகலமாக்கிக் காட்டும். மூலை படத்தின் வலது ஓரத்தில் இருந்தது. துண்டு ஓடு இழுபட்டு முழு ஓடாகிவிட்டது. அதே லென்ஸ் ஆழத்தையும் கூட்டிக் காட்டும். நாம் வீடு வாங்கப் போகும்போது விளம்பரப் படத்தில் மைதானமாகத் தெரிந்த படுக்கையறை நேரில் கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிறதே, அதே கதைதான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே பூகோளம் சொல்லிக்கொடுத்த முசியே எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் முதலில் கேட்பது, "எஷெல் எங்கே?" என்றுதான். வரைபடத்தின் அடியில் இவ்வளவு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்குமே, அந்த அளவுகோலுக்குப் பெயர் எஷெல். ஏணிக்கும் பிரெஞ்சில் அதே எஷெல்தான். கொலுப்படி ஏணி மாதிரி. ஏணி வைக்கும் முன் அளவுகோலைக் கேட்டிருக்க வேண்டும். அறுபது வருடம் கழித்து அந்த முசியேயிடம் மறுபடியும் குட்டு வாங்கியது போல் இருந்தது.

இரண்டாவது முறை பேத்தியிடம் வேலையைக் கொடுத்தேன். அவள் எட்டாவது படிக்கிறாள். அச்சு இயந்திரத்துக்குப் போடும் ஏ4 தாள் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதன் நீளம் 29.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அடி. "பின்சுவரிலிருந்து நம்ம பக்கமா தாளை நீளவாக்கில ஒண்ணுக்கொண்ணு இடிக்கிற மாதிரி வரிசையாப் போடு. படுக்கையறைக் கதவு நிலை ஆரம்பிக்கிற இடத்தில நிறுத்து. சுவர் ஓரமாவும் அதே மாதிரி ஒரு வரிசை போடு. அகல லென்ஸ் வேண்டாம், சாதாரணமா எடு. மூலை படத்துக்கு நடுவில வரட்டும்" என்றேன். ஒரே ஒரு தாள் போட்டால் போதாது. தூரத்தில் இருப்பது படத்தில் சிறுத்துத் தெரியும். அதனால் கிட்டே இருக்கும் தாளை வைத்துத் தூரத்தை அளக்க முடியாது. வரிசையாகப் போட்டால் அளக்கவே வேண்டாம், எண்ணினால் போதும்.

எண்ணினோம். பின்சுவரிலிருந்து படுக்கையறைக் கதவு வரை நான்கு தாள். 119 சென்டிமீட்டர். அகலத்தில் 145. அதிலும் பால்கனித் திரைச்சீலையை ஒதுக்கினால் அது 20 சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விளக்கு எரியும் இடத்தில் திரைச்சீலை உரசக் கூடாது. ஆகவே படியின் அகலம் 120, நாலு அடி. ஆழத்தில் படிக்கு 90. மீதி 30 தரையில் வைக்கும் காட்சிக்கு. இவ்வளவுதான் அந்த மூலை.

90 சென்டிமீட்டரை ஏழு படிக்குப் பிரித்தால் ஒரு படிக்கு 13 கூட வராது. மனைவியின் பொம்மைகள் பெரும்பாலும் 20, 25 சென்டிமீட்டர் உயரம். அடிப்பீடம் 12, 15 வரும். பொம்மையின் விரல் படிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து படி என்றால் 18. பொம்மை நிற்கும், ஆனால் அதன் முன்னால் ஒரு தட்டு வைக்க இடம் இருக்காது. பொம்மைகள் வகுப்புப் புகைப்படத்துக்கு நிற்பது போல வரிசையாக நிற்கலாம், அவ்வளவே. மூன்று படி என்றால் ஒவ்வொன்றும் 30. ஒருவர் சாப்பிட, ஒருவர் பரிமாற, முன்னும் பின்னுமாக வைக்கலாம். அதாவது ஒரு கதை சொல்லலாம்.

உயரத்தையும் கணக்குப் பார்த்தோம். படிக்குப் படி 25 சென்டிமீட்டர் ஏற்றம் கொடுத்தால், கீழே நிற்கும் பொம்மையின் தலை மேல்படியின் விளிம்போடு நிற்கும், பின்னால் இருப்பவரின் காலை மறைக்காது. ஏற்றம் அதைவிடக் குறைந்தால் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் பாதி பொம்மை மூழ்கிவிடும். மூன்றாவது படி 75 சென்டிமீட்டரில் வரும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். வெற்றிலை பாக்கு வாங்க வந்து உட்காருகிறவர்கள் கலசத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். ஒன்பது படிக் கொலுவில் உச்சிப்படியில் இருந்த சாமியின் பாதத்தை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

"மூணா? எல்லாரும் சிரிப்பாங்க தாத்தா" என்றாள் பேத்தி. என் அக்காவுக்கு எண்பது வயது. அவளும் அதையே வேறு விதமாகச் சொன்னாள். "ஏன்டா, அவ ஒன்பது படி வச்ச மகராசி. நீ மூணு படியில கொண்டு வந்து நிறுத்துறியே." ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம், மூன்றும் ஒற்றைப்படைதானே என்றேன். அக்கா சமாதானமாகவில்லை. அவள் வருத்தம் எண்ணிக்கையைப் பற்றியது இல்லை என்று எனக்கும் தெரியும்.

அடுத்தது கதை. இப்போது எல்லாரும் ஒரு கருப்பொருள் வைத்துக் கொலு வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ராமாயணம் என்று பெயர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே கிரிக்கெட் ஆட்டம், கல்யாண ஊர்வலம், மயில், தஞ்சாவூர்த் தலையாட்டி எல்லாம் நிற்கும். இருப்பதையெல்லாம் வைத்துவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். என் கருத்தில், ஒரு கதையை எடுத்தால் அந்தக் கதை எதை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் முக்கியம். யாரையும் வெளியே நிறுத்தாத கதை வெறும் பெயர்ப்பலகை.

எங்கள் கதைக்கு நான் காரைக்கால் அம்மையாரைச் சொன்னேன். புதுச்சேரிக்காரனுக்குக் காரைக்கால் பக்கத்து வீடு மாதிரி. ஆனி பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவுக்கு மனைவியோடு பலமுறை போயிருக்கிறேன். பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். ஒரு தடவை அவள் முந்தானையில் ஒன்று விழுந்து, அந்தப் பழத்தை அவள் சாப்பிடாமல் புதுச்சேரி வரை கொண்டுவந்து பூஜையில் வைத்தது நினைவிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதை கீழிருந்து மேலே ஏறுகிறது. காரைக்கால் வீட்டில் தொடங்கிக் கயிலாயத்தில் முடிகிறது. படி என்பது வெறும் அடுக்காக இல்லாமல் கதையின் பகுதியாகவே ஆகிவிடும்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைச் சோற்றோடு படைக்கிறாள். கணவன் வந்து மற்றதைச் சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறதே, இன்னொன்றையும் போடு என்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள், கையில் ஒரு பழம் வருகிறது. ருசி வேறாக இருக்கவே எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். சொன்னதும் நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் மறைகிறது. பயந்துபோய்க் கப்பல் ஏறிப் போகிறவன், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் அவளைச் சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோய் விடும்போது, மனைவி குழந்தையோடு அவள் காலில் விழுகிறான். அதற்குப் பிறகு இந்த அழகு எதற்கு என்று அவள் பேய் வடிவம் கேட்டு வாங்கி, கயிலையில் கால் வைக்கக் கூடாது என்று தலையாலேயே ஏறுகிறாள்.

இதில் மூன்று படிக்கும் தரைக்கும் சேர்த்து நான்கு இடம்தான். நான்கு இடத்தில் எது எது என்று தாளில் எழுதி எழுதி அடித்தோம்.

தரையில் காரைக்கால் வீடு. இடது ஓரத்தில் மளிகைக் கடை. கொலு என்றால் செட்டியாரும் செட்டிச்சியும் பருப்பு அரிசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? பரமதத்தன் வணிகன்தானே. செட்டியார் பொம்மையே பரமதத்தன் ஆனார். வழக்கமும் நிற்கிறது, கதையும் நிற்கிறது. அவர் பக்கத்தில் இரண்டு மண் மாம்பழம். நடுவில் புனிதவதி அடியாருக்குப் பரிமாறுகிறாள். வலது ஓரத்தில் கணவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எதிரே தட்டு காலி. மறைந்துபோன மாம்பழத்தைப் பொம்மையில் எப்படிக் காட்டுவது? காலித் தட்டாகத்தான் காட்ட முடியும்.

முதல் படியில் இடது பக்கம் காகிதக் கப்பல், வலது பக்கம் பாண்டி நாட்டு வீடு. சிவிகையிலிருந்து இறங்கிய புனிதவதி, அவள் முன்னால் கணவன், மனைவி, குழந்தை. எல்லா நிலையிலும் இடமிருந்து வலமாகவே கதை போகிறது. ஒரு படியில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம் என்று வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் கதை அறுந்துவிடும்.

மூன்றாவது படியில் நடுவில் கலசம், அதன் பின்னால் சிவனும் பார்வதியும், இடது பக்கம் மரப்பாச்சித் தம்பதி. வலது பக்கம் நடராஜர், அவர் காலடியில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மையார். திருவாலங்காட்டில் ஆடலின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதானே அவர் கேட்ட வரம். கோயில்களில் அறுபத்து மூவர் வரிசை நின்றுகொண்டிருக்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு இந்த அம்மையார்தான் அந்த ஆண்டின் புதுப் பொம்மை. பண்ருட்டிப் பக்கத்துப் பொம்மை. காகிதக் கூழில் செய்தது, கனம் இல்லை.

விட்டுப்போன இரண்டாவது படியைப் பற்றித்தான் சண்டை. அதில் காக்கித் தாளைக் கசக்கி மலை. அந்த மலையில் ஒரே ஓர் உருவம். கைகளை ஊன்றித் தலைகீழாக ஏறும் எலும்பும் தோலுமான ஒரு பெண். அப்படிப் பொம்மை கடையில் கிடைக்கவில்லை. பேத்தி கம்பியை வளைத்து, காகிதக் கூழ் அப்பிச் செய்தாள். முதலில் செய்தது நிற்காமல் உருண்டது. தலைகீழ் உருவத்துக்குக் கனம் மேலே போய்விடுகிறது. பிறகு இரண்டு கைகளின் கம்பியையும் இரண்டு அங்குலம் நீளமாக விட்டு, தாளுக்கு அடியில் இருந்த தெர்மாகோலில் குத்தி நிறுத்தினாள்.

"அப்பா, அந்தப் படி முழுக்கக் காலியா இருக்கே. ரெண்டு பக்கமும் தசாவதாரத்தை வச்சிடலாமா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தனியாகப் போன பெண்ணைத் தனியாகத்தான் காட்ட வேண்டும். சுற்றிலும் பத்து அவதாரம் நின்றால் அவள் ஏறுவது யார் கண்ணிலும் படாது. முழுக் கொலுவிலும் நான் மாற்ற விடாத ஒரே இடம் அதுதான்.

ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். புனிதவதி மூன்று காட்சியில் வருகிறாள், மூன்றும் வேறு வேறு பொம்மை. ஒருத்தியேதான் இவள் என்று எப்படித் தெரியும்? பேத்தி பச்சைத் துணியைக் கிழித்து, மூன்று பேருக்கும் ஒரே மாதிரித் தோளில் போட்டாள். மலை ஏறுகிறவளின் இடுப்பிலும் அதே பச்சைக் கந்தல். அதே போல, ஒரு காட்சிக்குள் வரும் பொம்மைகள் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்க வேண்டும். முதலில் வைத்த அடியார் ஒரு சாண்கூட இல்லை, புனிதவதி ஒன்றரைச் சாண். அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல் இருந்தது. அடியாரை மாற்றினோம்.

படிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தச்சர் வேண்டாம் என்று முடிவானது. மேல்படிக்குச் சுவரோரமாக 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள புத்தக அலமாரி ஒன்று. நல்லவேளையாக அது 75 உயரம். மாப்பிள்ளை முதலில் சொன்னது அதே உயரமுள்ள செருப்பு அலமாரியை. அக்கா காதில் அது விழாமல் பார்த்துக்கொண்டேன். நடுப்படிக்கு ஒரே உயரமுள்ள இரண்டு முக்காலி மேல் பலகை. கீழ்ப்படிக்குப் பேத்தியின் பழைய பாடப் புத்தகக் கட்டுகள் மேல் பலகை. பொம்மை வைக்கும் முன் ஒவ்வொரு பலகையின் நாலு மூலையையும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்து எதிர்மூலை எழுந்தால் அடியில் அட்டை மடித்துச் செருக வேண்டும். பிறகு பக்கத்தில் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டி, பலகை அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே விரிக்க நாலு முழ வேட்டி ஒன்று போதும். மூன்று படிக்கும் மிதிப்பும் ஏற்றமும் சேர்த்து 165 சென்டிமீட்டர். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 200 நீளம், அகலமும் நாலு அடிக்கு மேல் வரும். விரிக்கும்போது ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் துணியை அழுத்தி ஊசி குத்திவிட வேண்டும். பலகைக்கும் பின்படிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் துணி அதை மூடி மறைத்துவிடும். பின்னால் நகர்த்திய பொம்மை அந்தப் பள்ளத்தில் சாய்ந்துதான் உடையும். என் மனைவி வைத்திருந்த ஒரு பழைய கிருஷ்ணனுக்கு அப்படித்தான் குழல் போயிற்று. அது அவள் தவறில்லை, பலகையைச் சேர்த்துப் போடாதவன் நான்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு காரியம் செய்யச் சொன்னேன். செய்தித்தாளைப் படி வரப்போகும் அளவுக்கு, 120க்கு 120, தரையில் ஒட்டிவிட்டு ஒரு நாள் அப்படியே விடச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் பால்கனிப் பக்கத்து முன்மூலை மட்டும் மிதிபட்டுக் கிழிந்திருந்தது. துணி காயப்போட எல்லாரும் அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். விளக்கை அந்தப் பக்கம் வைக்க நினைத்திருந்தோம். சுவர்ப் பக்கத்துக்கு மாற்றினோம். படம் எடுத்துப் பார்த்தால் இது தெரிந்திருக்காது. படம் இடத்தைத்தான் காட்டும், அந்த இடத்தில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைக் காட்டாது.

நவராத்திரியில் நான் போய் இரண்டு நாள் இருந்தேன். மாலையில் எதிர் வீட்டுச் சிறுவன் ஒருவன் அம்மாவோடு வந்தான். ஆறு வயதிருக்கும். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு தரைக் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏன் அந்த மாமா தட்டு மட்டும் காலியா இருக்கு?" என்று கேட்டான். பேத்தி உட்கார்ந்து கதையைத் தொடங்கினாள். அவள் விரல் தரையிலிருந்து முதல் படிக்கு, அங்கிருந்து மலைக்கு ஏறியது. மலைக்கு வந்ததும், "இவங்க ஏன் கையால நடக்கறாங்க? கால் வலிக்குதா?" என்றான். சொன்னாள். அவன் மேல்படியில் தாளத்தோடு இருந்த அம்மையாரைக் காட்டி, "அப்ப இவங்கதான் அவங்களா?" என்றான். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றால், "ஒல்லியா இருக்காங்களே" என்றான். பச்சைத் துணியை அந்தப் பொம்மைக்குப் போட நாங்கள் மறந்திருந்தோம்.

கதைக் கொலு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இதுவே வழி என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் "இது யாரு, அது யாரு" என்று கேட்டால் நாம் கடை விரித்திருக்கிறோம். "ஏன்" என்று கேட்டால் கதை சொல்லியிருக்கிறோம்.

கடைசியாக, அக்காவின் வருத்தத்துக்கு வருகிறேன். மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். எந்தப் பெட்டியில் எந்தப் பொம்மை, யார் கொடுத்தது, எந்த வருடம் வாங்கியது என்று எழுதியிருப்பாள். நான் அலுவலகத்தில் எழுதிய எந்தப் பதிவேடும் அவ்வளவு சுத்தமாக இல்லை. அதன்படி மொத்தம் 143 பொம்மை. மகள் வீட்டு மூலைக்குப் போனது 27. மிச்சம் 116 பெட்டியிலேயே. நோட்டில் டிக் போட்டுக்கொண்டே போனபோது எனக்கும் கை நடுங்கியது. அவள் நாற்பத்து மூன்று வருடம் சேர்த்ததை நான் ஒரு மத்தியானத்தில் தள்ளுபடி செய்வது போல் இருந்தது.

பிறகு தோன்றியது, இது தள்ளுபடி அல்ல, முறை. அலுவலகத்தில் பண்டிகை நாள் பணிக்கு ஆள் போடுவது போலத்தான். ஒரே ஆளை எல்லா வருடமும் போட மாட்டோம், எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிடவும் மாட்டோம். கதை மாறினால் ஆள் மாறுவார்கள். மரப்பாச்சியும் கலசமும் செட்டியாரும் மட்டும் நிரந்தரம். ஒன்பது படியில் 143 பேரும் ஒன்பது நாள் நின்றார்கள், ஆனால் அதில் பாதிப் பேரை யாரும் நின்று பார்த்ததில்லை. அவளுக்கு எல்லாரையும் தெரியும். அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமானால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிமுகம் செய்ய முடியும். அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அடுத்த வருஷம் நான் குடுத்த கஜேந்திரன வெளிய எடு" என்றாள்.

இந்த வாரம் பேத்தியிடமிருந்து படம் வந்திருக்கிறது. அதே மூலை. நான் சொல்லாமலேயே, பின்சுவரிலிருந்து படுக்கையறைக் கதவு வரை நான்கு வெள்ளைத் தாள்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நான் இப்போது பரணில் மூன்றாவது பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தின்படி கஜேந்திரன் அதில்தான் இருக்கிறார், முதலையோடு.